சாப்பிட்டவருக்கு உடம்பு முடியாமல் போனால்: என்ன சொல்லலாம், எதைச் சொல்லாமல் நிறுத்த வேண்டும்

கேள்வி: எங்கள் ஹோட்டலில் ஞாயிறு இரவு ஒரு குடும்பம், நாலு பேர் சாப்பிட்டார்கள். சிக்கன் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட அம்மாவுக்கும் பையனுக்கும் நடுராத்திரி ஒரு மணிக்கு மேல் வாந்தி. பரோட்டா சாப்பிட்ட மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் கோபமாக எழுதியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? என்ன பதில் எழுதுவது?

பதில்:

மன்னிப்பில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கும். அவர்கள் படும் அவதிக்கான வருத்தம் ஒன்று. அந்த அவதி எதனால் வந்தது என்ற முடிவு இன்னொன்று. வருத்தத்தை எவ்வளவு மனமாரச் சொன்னாலும் உங்களுக்குக் கெடுதல் வராது. காரணத்தையோ இன்று காலை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது, அவர்களாலும் முடியாது, அவர்களைப் பார்த்த மருத்துவராலும் பெரும்பாலும் முடியாது. “எங்கள் ரைஸால் இப்படி ஆகிவிட்டது, மன்னியுங்கள்” என்பது தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்வது. “எங்கள் சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை” என்பதும் தெரியாத ஒன்றைச் சாதிப்பதுதான். முதலாளிகள் பயத்தில் அதிகம் எழுதுவது இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான். கோபத்தில் இருப்பவரை வக்கீலிடம் அனுப்பி வைப்பதும் அதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதோ சிகிச்சைக்கு உதவுவதாகச் சொல்வதோ அதனளவில் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று எழுதி வைத்திருக்கிறது. இந்தியாவில் அப்படிப் பொதுவான பாதுகாப்பு தரும் சட்டம் இல்லை. நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி மின்னணுப் பதிவாக நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்கப்படலாம். புகார் கொடுக்க அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 65-ஆம் பிரிவில் இழப்பீடு பற்றிப் பேசுகிறது: உயிரிழப்பு என்றால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவு, குற்றம் நேராமல் தடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை அனைத்தையும் எடுத்தேன், உரிய கவனத்தோடு நடந்தேன் என்று நிரூபிப்பவருக்கு அதைத் தற்காப்பாகத் தருகிறது. ஆகவே உங்களைக் காப்பாற்றப்போவது வார்த்தை சாமர்த்தியத்தைவிடச் சமையலறைப் பதிவுகள்தான். பதில் எழுதுவதற்கு முன்னால் சமையலறைக்குள் போக வேண்டியது அதனால்தான்.

போனதும் ஃப்ரைட் ரைஸ் விற்பனையை நிறுத்துங்கள். நேற்றைய வடித்த சாதம், வேகவைத்த சிக்கன், திறந்திருக்கும் சாஸ் பாட்டில் என்று மிச்சம் எது இருந்தாலும் கொட்டிவிடாதீர்கள். பலருக்கும் முதலில் கை போவது குப்பைத் தொட்டிக்குத்தான். பிறகு அதிகாரி வந்து கேட்கும்போது தடயத்தை அழித்ததாக ஆகிவிடும். உங்கள் உணவு நல்லது என்று காட்டும் வாய்ப்பும் கையைவிட்டுப் போகும். ஒவ்வொன்றிலும் கால் கிலோ அளவுக்குச் சுத்தமான மூடிபோட்ட டப்பாவில் எடுத்து, பொருள், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டி, “பரிமாறக் கூடாது” என்று குறித்து, 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் தனித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம். சில கிருமிகள் உறைநிலையில் குறைந்துபோய்ச் சோதனை முடிவு தெளிவில்லாமல் போகலாம்.

பிறகு ஒரு நோட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். அந்தக் குடும்பத்தின் பில் எண், ஆர்டர் சீட்டு எண், நேரம். அன்று இரவு மொத்தம் எத்தனை ஃப்ரைட் ரைஸ் போனது, வேறு யாராவது புகார் சொன்னார்களா. சாதம் எத்தனை மணிக்கு வடிக்கப்பட்டது, எங்கே ஆறவைக்கப்பட்டது, எத்தனை மணிக்குக் குளிர்பெட்டிக்குள் போனது. குளிர்பெட்டியின் வெப்பநிலை. அன்று அடுப்படியில் நின்றவர் யார், அவருக்கு வாந்திபேதியோ கையில் புண்ணோ இருந்ததா. சிக்கன் வாங்கிய பில். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

சாதத்தைப் பற்றி இவ்வளவு துருவுவதற்குக் காரணம் இருக்கிறது. சுமார் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு ஒரு மணிக்கு மேல் வாந்தி என்றால் நாலைந்து மணி நேரம். வாந்தி முந்திக்கொண்டு, அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கினால், உணவிலேயே உருவாகியிருந்த நச்சை நினைக்க வேண்டும். மத்தியானம் வடித்த சாதத்தை அண்டாவோடு மாலைவரை வெளியே வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி அப்படியொரு நச்சைவிடும். சமைத்தவர் கையிலிருந்து வரும் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சும் இதே நேரக் கணக்கில் வாந்தியைக் கொண்டுவரும். இந்த நச்சுகள் வாணலிச் சூட்டில் அழிவதில்லை. ஆகவே “நாங்கள் பெரிய தீயில் வதக்கித்தானே கொடுத்தோம்” என்ற பதில், விஷயம் தெரிந்தவர் முன்னால் நிற்காது. சாதம் 60 டிகிரிக்கு மேலே சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருந்தது என்று பதிவு காட்டினால் நிற்கும்.

உங்கள் விஷயத்தில் ரைஸ் சாப்பிட்ட இருவருக்கு மட்டும் வந்திருப்பது கவனிக்க வேண்டிய அறிகுறி. ஆனால் அதுவே நிரூபணமாகிவிடாது. அந்த அம்மாவும் பையனும் மாலையில் வேறு ஏதாவது சேர்ந்து சாப்பிட்டிருக்கலாம். நோரோவைரஸ் தொற்றுக்கு 12 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். சால்மொனெல்லா ஆறு மணியிலிருந்து ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளும். கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல் சந்தேகம் விழுவது இயல்பு, அது எப்போதும் சரியாக இருப்பதில்லை. இந்த நியாயம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அவர்களுக்கு எழுதும் முதல் செய்தியில் இதில் ஒரு வார்த்தைகூட வரக் கூடாது.

இவ்வளவையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு முதலில் போனில் கூப்பிடுங்கள். முதலாளியோ மேலாளரோ பேச வேண்டும். கேஷ் கவுண்டர் பையனிடம் கொடுத்துவிடக் கூடாது. இப்படிப் பேசினால் போதும்:

“வணக்கம் சார், ஹோட்டல் மேனேஜர் பேசுறேன். உங்க மெசேஜ் பார்த்தேன். இப்ப அம்மாவுக்கும் தம்பிக்கும் எப்படி இருக்கு? தண்ணி குடிச்சா உள்ள தங்குதா? டாக்டர்கிட்ட காட்டியாச்சா?”

பதிலைக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். திட்டினால் திட்டட்டும். மருந்து எதுவும் சொல்லாதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை சில தொற்றுகளில் கெடுதல் செய்யும், நீங்கள் சொன்ன மாத்திரையால் ஏதாவது ஆனால் அதுவே தனிப் பிரச்சினையாகும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்பது வரை சரி. எதைக் குடித்தாலும் வாந்தி, மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், வெகுநேரம் சிறுநீர் போகாமை, மயக்கம், பார்வை மங்கல் என்று எதைச் சொன்னாலும், அல்லது பாதிக்கப்பட்டவர் சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். வண்டி இல்லை என்றால் 108-ஐக் கூப்பிட உதவுங்கள், அல்லது வண்டி அனுப்புங்கள். ஆபத்து நேரத்தில் வண்டி அனுப்புவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அது மனிதர் செய்ய வேண்டிய காரியம். நாளை உங்கள் நடத்தையை எடைபோடுபவரும் அதை உங்களுக்குச் சாதகமாகத்தான் பார்ப்பார்.

“உங்க சாப்பாட்டாலதானே இப்படி ஆச்சு, ஒத்துக்கோங்க” என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு மழுப்பாமல் பதில் இருக்க வேண்டும்: “சார், எதனால ஆச்சுன்னு இப்ப எனக்கு உண்மையிலேயே தெரியல. இல்லன்னும் சொல்ல மாட்டேன், ஆமான்னும் சொல்ல மாட்டேன். ஃப்ரைட் ரைஸை நிறுத்திட்டேன், மிச்சத்தை எடுத்து வச்சிருக்கேன், பார்த்துட்டு நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நானே கூப்பிடுறேன்.” நேரம் சொன்னால் அந்த நேரத்தில் கூப்பிட்டே ஆக வேண்டும். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றாலும் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள்.

போன் பேசி முடித்ததும் எழுத்தில் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். நேற்று இரவு எங்கள் உணவகத்தில் சாப்பிட்டுச் சென்ற பிறகு அம்மாவுக்கும் தம்பிக்கும் உடல்நலம் பாதிக்கப்பட்டதை அறிந்து மிகவும் வருந்துகிறோம். இரவு முழுவதும் நீங்கள் பட்ட சிரமத்தை உணர்கிறோம். இருவரும் விரைவில் குணமடைய வேண்டும் என்பதே இப்போது எங்கள் முதல் கவலை. மருத்துவரைப் பார்க்கும்போது, சாப்பிட்ட நேரத்தையும் வாந்தி தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள். தேவையான பரிசோதனையை அவர் முடிவு செய்ய அது உதவும். நீங்கள் தெரிவித்ததும் அந்த உணவு வகையின் விற்பனையை நிறுத்திவிட்டோம். மீதமிருந்த பொருள்களைத் தனியாகப் பாதுகாத்து, சமையல் மற்றும் குளிர்பதனப் பதிவுகளைச் சரிபார்த்து வருகிறோம். காரணம் இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் உங்களுக்குத் தெரிவிப்போம். செவ்வாய் மாலை 6 மணிக்குள் நானே உங்களை அழைக்கிறேன். இடையில் எந்த நேரத்திலும் இந்த எண்ணில் அழைக்கலாம்.”

கீழே உங்கள் பெயர், பொறுப்பு, எண். இதில் ஒவ்வொரு வரியும் உங்களுக்குத் தெரிந்த உண்மை. “சாப்பிட்டுச் சென்ற பிறகு” என்பது நேர வரிசையை மட்டும் சொல்கிறது. “சாப்பிட்டதால்” என்று எழுதினால் காரணத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். “ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால்” என்ற வழக்கமான வரியை எழுதாதீர்கள். ஏற்பட்டது என்று அவர்கள் சொல்லியாயிற்று. அதில் ‘இருந்தால்’ போடுவது அவர்களைப் பொய்யர் என்பது போலத்தான் படும். உணவின் விற்பனையை நிறுத்தினோம் என்று சொல்வது ஒப்புதல் போலத் தோன்றுமே என்று சிலர் தயங்குவார்கள். புகார் வந்ததும் நிறுத்திப் பார்ப்பது உரிய கவனத்தின் அடையாளம். ஆனால் செய்தியில் எழுதுவதை உண்மையாகவே செய்திருக்க வேண்டும். எழுதிவிட்டு மத்தியானம் ஃப்ரைட் ரைஸ் விற்றால் அந்தப் பில்லே உங்களுக்கு எதிரான சாட்சி.

எழுதவே கூடாதவை சில. “அன்று நூறு பேர் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்பது முதலாவது. நச்சு அண்டா முழுக்கச் சமமாக இருப்பதில்லை, பலர் வாந்தி வந்தாலும் ஹோட்டலுக்குச் சொல்வதில்லை. மாலையில் இரண்டாவது புகார் வந்தால் உங்கள் வாக்கியமே உங்களைக் குத்தும். “வேறு எங்காவது சாப்பிட்டீர்களா” என்று எடுத்த எடுப்பில் கேட்பது அடுத்தது. கேள்வி தேவையானதுதான், ஆனால் இரண்டாவது அழைப்பில், அவர்கள் கொஞ்சம் தேறிய பிறகு, “மூன்று நாளில் இருவரும் சாப்பிட்டவற்றைச் சொன்னால் காரணம் தேட உதவும்” என்று கேளுங்கள். இலவசச் சாப்பாட்டுக் கூப்பனும் வேண்டாம். வாந்தி எடுத்தவருக்கு அதே கடைச் சாப்பாட்டை நீட்டுவது புண்ணில் குத்துவது.

இனி பணம். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். அந்தப் பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, கொடுக்கவோ கூடாது, சம்பவத்தை உடனே தெரிவிக்க வேண்டும். “ஆஸ்பத்திரி செலவு முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று நல்ல மனதோடு நீங்கள் அனுப்பும் ஒரு வரி, நாளை பெரிய தொகை கேட்டு வழக்கு வந்தால் காப்பீடு கைவிரிக்கக் காரணமாகலாம். ஆகவே முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், பிறகு மருத்துவச் செலவு பற்றிய பேச்சு. இடைப்பட்ட நேரத்தில் அவர்கள் கேட்டால், “பில்களையும் மருந்துச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், இதுபற்றிப் பேசிவிட்டு நாளைக்குள் பதில் சொல்கிறேன்” என்பது நேர்மையான பதில்.

சாப்பாட்டுப் பில்லைத் திருப்பிக் கொடுப்பது சின்ன விஷயம். அதையும் காப்பீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 860 ரூபாய் பில் என்றால், “நேற்றைய உணவுக்கு நீங்கள் செலுத்திய 860 ரூபாயை நல்லெண்ண அடிப்படையில் திருப்பி அனுப்புகிறோம், இதற்கு எந்த நிபந்தனையும் இல்லை” என்று எழுதுங்கள். புகாரைத் திரும்பப் பெறச் சொல்வது, கூகுள் விமர்சனத்தை நீக்கச் சொல்வது, “இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்” என்று படுத்திருப்பவரிடம் கையெழுத்து கேட்பது ஆகியவை வாயை அடைக்கும் முயற்சியாகவே வாசிக்கப்படும். அதிகாரியின் நடவடிக்கையை அந்தக் கையெழுத்து தடுக்கவும் செய்யாது. பெரிய தொகையில் சமரசம் என்று வந்தால் வக்கீல் மூலம், பேச்சுவார்த்தையைச் சான்றாகப் பயன்படுத்துவதில்லை என்று இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்ட பிறகு பேசுங்கள். அந்தச் சட்ட வாசகத்தை நலம் விசாரிக்கும் முதல் செய்தியில் ஒட்டாதீர்கள். விசாரிப்பின் ஈரமெல்லாம் காய்ந்துவிடும்.

விருந்தாளிக்கு எழுதுவதில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கோட்டைவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. “நேத்து ரைஸ் புளிச்ச வாடை வந்துச்சு, அப்பவே சொன்னேன்” என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் அழித்துவிடு என்பார். முன்னதைவிடப் பின்னது மோசம். விஷயத்தைக் குழுவில் போடாமல் நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். புளித்த வாடை உண்மையிலேயே வந்தது என்றால் அதையும் தேதி, நேரம், சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுத வேண்டும். பொறுப்பைக் குறைக்கும் கவனம் என்பது உண்மையை மறைக்கும் உரிமை ஆகாது. விருந்தாளி கேட்டால் யாரும் தானாகப் பதில் சொல்லாமல் உங்களிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

சம்பந்தமில்லாத இன்னொரு குடும்பமும் அதே இரவைச் சொல்லிப் புகார் செய்தால், அல்லது யாராவது ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், காத்திருக்க வேண்டாம். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கு நீங்களே தகவல் கொடுங்கள், பாதுகாத்த மாதிரிகளைக் காட்டுங்கள். அவர்கள் கேள்விப்பட்டு வருவதற்கும் நீங்கள் சொல்லி வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விருந்தாளி தானாகப் புகார் செய்ய விரும்பினால் தடுக்காதீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 1800112100 எண் அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மேலே சொன்ன செய்தியை அனுப்பக் கூடாது. குளிர்பெட்டி இரவெல்லாம் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அல்லது 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்ததைப் போல, அரசு தடை செய்து வைத்திருக்கும் ஒன்றைப் பரிமாறியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் “காரணம் இன்னும் தெரியவில்லை” என்பது பொய். அன்றே வக்கீலிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் உண்மையைச் சொல்லி, அவர்கள் பார்த்துக் கொடுத்த வாசகத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் வைத்தியத்துக்கு உதவும் தகவலை, எந்தப் பொருளில் என்ன சந்தேகம் என்பதை, வாசகம் தயாராகும்வரை நிறுத்தி வைக்காதீர்கள். மருத்துவருக்கு அது அந்த மணி நேரத்திலேயே தேவை.

விசாரணை முடிந்ததும் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் தெளிவான முடிவு கிடைக்காது: மாதிரி மிஞ்சியிருக்காது, அல்லது சோதனையில் ஒன்றும் வராது. அப்போது “எங்கள் மேல் தவறில்லை என்று நிரூபணமாகிவிட்டது” என்று எழுதாதீர்கள். “நாங்கள் பார்த்தவரை காரணத்தை உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் சரிபார்க்கும்போது, சாதம் ஆறவைக்கும் நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை என்பதைக் கண்டோம், இனி வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்த நேரத்தைப் பதிவு செய்கிறோம்” என்று இருக்கலாம். பதிவு இல்லை என்று ஒப்புக்கொள்வது உங்களுக்கு எதிராகப் போகக்கூடிய வரி என்பதால், இந்தச் செய்தியை மட்டும் அனுப்புவதற்கு முன் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவர் அந்த வரியை எடுக்கச் சொன்னாலும் சாதத்தைத் தட்டில் பரப்பி ஆறவைப்பதை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.